ஒன்றரை எங்கே போனது?

இளங்கலைக் கணிதத்தில் முடிவிலித் தொடர்கள் பாடம் எடுக்கிறவர்கள், விடைத்தாள் கட்டைப் பிரித்ததுமே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும் ஒரு விடை இருக்கிறது. கேள்வி இது:

1 + 1/2^(3/2) + 1/3^(3/2) + 1/4^(3/2) + … என்ற தொடர் ஒருங்குமா, விரியுமா?

இதற்கு ஒரு மாணவி நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தாள்.

aₙ = 1/n^(3/2)

aₙ₊₁ / aₙ = (n/(n+1))^(3/2)

n < n+1. ஆகவே aₙ₊₁ / aₙ < 1.

விகிதச் சோதனைப்படி தொடர் ஒருங்கும்.

கையெழுத்து அழகு. அடித்தல் திருத்தல் கிடையாது. கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு வேறு போட்டிருந்தாள்.

கணக்கை விட்டு வெகுநாளாகிவிட்டவர்களுக்காகக் கேள்வியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முதல் உறுப்பு 1. இரண்டாவது, இரண்டின் ஒன்றரை அடுக்கால் ஒன்றை வகுத்தால் வருவது, சுமார் 0.354. மூன்றாவது 0.192. நான்காவது சரியாக 0.125. இப்படிச் சிறுத்துக்கொண்டே போகும் எண்களை முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால், கூட்டுத்தொகை ஏதாவது ஓர் எண்ணை நெருங்கி நிலைத்தால் தொடர் ஒருங்குகிறது என்கிறோம். எந்த எல்லையைச் சொன்னாலும் என்றைக்காவது அதைத் தாண்டிப் போய்விடும் என்றால் விரிகிறது என்கிறோம். 1/n^p என்ற வடிவில் உறுப்புகள் அமைந்த தொடருக்கு p-தொடர் என்று பெயர். இந்தக் கேள்வியில் p ஒன்றரை. p ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் ஒருங்கும். ஒன்றாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் விரியும். இது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை.

அப்படியானால் அவள் விடை சரிதான். நம்முடைய தொடர் ஒருங்கவே செய்கிறது, கூட்டினால் 2.612-ஐ ஒட்டி நிலைக்கும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் விழுந்திருக்கும். ஆனால் அந்த நான்கு வரிகளும் எதையும் நிறுவவில்லை. திருத்துகிறவருக்குச் சங்கடமான இடம் இதுதான். தப்பான விடையைத் தப்பு என்று காட்டிவிடலாம். சரியான விடைக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்தால், அந்தப் பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். வந்தாள்.

“சார், ஒருங்கும்னுதானே விடை? எதுக்கு மார்க் போச்சு?”

“விடை சரிதாம்மா. இந்த நாலு வரியையும் அப்படியே வெச்சுக்கோ. மூணு பை ரெண்டு இருக்கிற இடத்துலெல்லாம் ஒண்ணு பை ரெண்டுன்னு போட்டு, இன்னொரு தடவை எழுதிக் காட்டு.”

எழுதினாள். aₙ என்பது 1/n^(1/2), அதாவது ஒன்றின் கீழ் n-இன் வர்க்கமூலம். அடுத்ததற்கும் இதற்கும் உள்ள விகிதம் (n/(n+1))^(1/2). n < n+1, ஆகவே விகிதம் ஒன்றைவிடக் குறைவு. விகிதச் சோதனைப்படி தொடர் ஒருங்கும். ஒரு வரியில்கூடத் தடங்கல் வரவில்லை. முதல் தாளில் இருந்த வாதம் செல்லுமானால் இரண்டாவதும் செல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது செல்லாது என்பதைக் காட்டப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. 1/√1 + 1/√2 + 1/√3 + … என்ற தொடரில் முதல் நூறு உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மிகச் சிறியது நூறாவது. அது 1/√100, அதாவது பத்தில் ஒன்று. மற்ற தொண்ணூற்றொன்பதும் அதைவிடப் பெரியவை. ஆக, நூறு உறுப்புகளின் கூட்டுத்தொகை குறைந்தது 100 × 1/10 = 10. முதல் 10,000 உறுப்புகளை எடுத்தால் ஒவ்வொன்றும் குறைந்தது நூறில் ஒன்று. கூட்டுத்தொகை குறைந்தது 100. பத்து லட்சம் உறுப்புகளை எடுத்தால் குறைந்தது 1,000. நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் வர்க்கத்தின் அளவுக்கு உறுப்புகளைக் கூட்டினால் போதும், தாண்டிவிடலாம். தொடர் விரிகிறது. ஒருங்கும் என்று ‘நிறுவிய’ நான்கு வரிகளில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைத் தேடும் முன்னாலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். p ஒன்றைவிடப் பெரிதா சிறிதா என்பதுதான் இந்தத் தொடரின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது. ஆனால் அவள் எழுதிய வாதத்தில் அந்த ஒன்றரை எங்கேயும் வேலை செய்யவில்லை. முதல் வரியில் வந்தது, இரண்டாம் வரியில் அடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்றாம் வரியில் காணாமல் போனது. முடிவைத் தீர்மானிக்கும் தகவலை ஒரு வாதம் தொடவே இல்லை என்றால், அது தகவல் மாறினாலும் அதே முடிவைத்தான் சொல்லும். அந்த வாதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே சந்தேகப்படலாம். விடைத்தாள் திருத்தும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: கொடுத்த நிபந்தனை எந்த வரியில் செலவானது?

இனி ஓட்டை. விகிதச் சோதனை உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிரெஞ்சுக் கணித அறிஞர் டி’அலம்பர்ட் 1768-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றிலிருந்து இது வருகிறது. அதனால்தான் நம் கல்லூரிகளில் இதை டி’அலம்பர்ட் சோதனை என்றே சொல்கிறோம். இன்று நாம் படிக்கும் தெளிவான வடிவத்தைக் கோஷி 1821-இல் தன் பாடநூலில் கொடுத்தார். எல்லா உறுப்புகளும் மிகை எண்களாக உள்ள தொடரில், aₙ₊₁/aₙ என்ற விகிதம் n பெரிதாகப் பெரிதாக L என்ற எல்லையை நெருங்கட்டும். L ஒன்றைவிடக் குறைவானால் தொடர் ஒருங்கும். L ஒன்றைவிட அதிகமானால் விரியும். L சரியாக ஒன்று என்றால் சோதனை வாய் திறக்காது.

சோதனை கேட்பது எல்லையை. மாணவி பார்த்ததோ ஒவ்வொரு விகிதத்தையும் தனித்தனியாக. (n/(n+1))^(3/2) என்பது எந்த n-க்கும் ஒன்றைவிடக் குறைவுதான். அதில் பிழை இல்லை. n பத்தாக இருக்கும்போது 0.867. நூறாக இருக்கும்போது 0.985. ஆயிரத்தில் 0.9985. ஒன்றுக்குக் கீழேயே இருந்துகொண்டு ஒன்றை நோக்கி ஊர்ந்து போகிறது. எல்லை சரியாக 1. சோதனை வாய் மூடிக்கொள்ளும் இடம் இது.

இதைச் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், ஆனால் முகம் தெளியாது. எல்லா விகிதமும் ஒன்றைவிடக் குறைவு என்றால் உறுப்புகள் ஒவ்வொரு அடியிலும் குறைந்துகொண்டுதானே போகின்றன, அது ஏன் போதாது என்ற கேள்வி உள்ளே அப்படியே கிடக்கும். நியாயமான கேள்வி. சோதனை ஏன் வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

ஒரு கடையில் முதல் மாத விற்பனை ஒரு லட்சம் ரூபாய். அதன் பிறகு மாதாமாதம் விற்பனை ஒரு சதவீதம் குறைகிறது. இரண்டாம் மாதம் 99,000. மூன்றாம் மாதம் 98,010. இந்தக் கடை யுகயுகமாகத் திறந்திருந்தாலும் மொத்த விற்பனை ஒரு கோடியைத் தாண்டாது. ஏனென்றால் இது பெருக்குத் தொடர், முதல் உறுப்பை (1 − 0.99)-ஆல் வகுத்தால் கூட்டுத்தொகை வந்துவிடும். ஒரு லட்சத்தை 0.01-ஆல் வகுத்தால் ஒரு கோடி. ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மொத்தம் இன்னும் கீழேதான் நிற்கும். விகிதச் சோதனையின் உயிர் இவ்வளவுதான். விகிதங்களின் எல்லை ஒன்றைவிடக் குறைவு என்றால், எல்லைக்கும் ஒன்றுக்கும் நடுவே 0.99 போல ஏதாவது ஓர் எண்ணை நட்டுவைக்கலாம். ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லா விகிதங்களும் அந்த எண்ணுக்குக் கீழேயே இருக்கும். அங்கிருந்து நம் தொடர், அந்த எண்ணை விகிதமாகக் கொண்ட பெருக்குத் தொடருக்கு அடியில் அடங்கிவிடும்.

இப்போது குறைவின் வேகத்தை மாற்றிப் பாருங்கள். மாதம் பத்தில் ஒரு சதவீதம்தான் குறைகிறது என்றால் மொத்தத்துக்கு வரம்பு பத்து கோடி. நூறில் ஒரு சதவீதம் என்றால் நூறு கோடி. விகிதம் ஒன்றை நெருங்க நெருங்க வரம்பு எகிறிக்கொண்டே போகிறது. குறையும் சதவீதமே மாதாமாதம் சுருங்கிக்கொண்டு போகும் கடையை எடுத்துக்கொண்டால்? n-ஆம் மாத விற்பனை ஒரு லட்சத்தை √n-ஆல் வகுத்தது என்று வைப்போம். இரண்டாம் மாதம் 29 சதவீதம் அடி வாங்குகிறது. நூறாம் மாதம் 10,000 ரூபாய்தான் விற்பனை, ஆனால் அடுத்த மாதம் குறைவதோ அரை சதவீதம் மட்டுமே. பத்தாயிரமாவது மாதத்தில் குறைவு ஒரு சதவீதத்தின் இருநூறில் ஒரு பங்கு. விற்பனை ஒவ்வொரு மாதமும் குறைகிறது என்ற பேச்சு உண்மை. மொத்தத்துக்கு வரம்பில்லை என்பதும் உண்மை. முன்பு பார்த்த கணக்குப்படி பத்தாயிரம் மாதத்திலேயே ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

ஒன்றரை அடுக்குத் தொடருக்கும் இதே நிலைதான். 0.99-ஐ நட்டுவைக்கப் பார்த்தால், n = 149-இல் விகிதம் அதைத் தாண்டிவிடுகிறது, அப்புறம் திரும்பிக் கீழே வருவதே இல்லை. சரி, 0.999 என்று கொஞ்சம் மேலே நட்டால் n 1,500-ஐ நெருங்கும்போது அதையும் தாண்டுகிறது. ஒன்றுக்குக் கீழே எந்த இடத்தில் நட்டாலும் கொஞ்ச காலம்தான் நிற்கும். இந்தத் தொடர் ஒருங்குகிறது என்பது உண்மையானாலும், எந்தப் பெருக்குத் தொடரைக் கொண்டும் அதை மூடிவிட முடியாது. அவ்வளவு மெதுவாகக் குறைகிறது. பெருக்குத் தொடரோடு ஒப்பிடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத சோதனையிடம் போய் இதைக் கேட்டால் அதனால் என்ன சொல்ல முடியும்?

மாணவர்களில் இன்னொரு வகையினர் எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்து, L = 1 என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘ஆகவே தொடர் விரியும்’ என்று முடிப்பார்கள். ஒன்றைவிடக் குறைந்தால் ஒருங்கும் என்று படித்ததை, குறையாவிட்டால் விரியும் என்று மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. இவர்களிடம் p-ஐ இரண்டாக்கி எழுதச் சொன்னால் போதும். 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரிலும் L = 1தான். ஆனால் அதன் கூட்டுத்தொகை π²/6, சுமார் 1.645 என்று 1730-களிலேயே ஆய்லர் கண்டுபிடித்தார். சிலர் விகிதச் சோதனை கைவிட்டதும் n-ஆம் மூலச் சோதனைக்குத் தாவுவார்கள். அதுவும் பெருக்குத் தொடரோடு ஒப்பிடும் ஆள்தான். அங்கேயும் எல்லை ஒன்றே வரும்.

நம் பாடநூல்கள் சிலவற்றின் மேல் எனக்கொரு வருத்தம் உண்டு. அவை விகிதத்தைத் தலைகீழாக, aₙ/aₙ₊₁ என்று எழுதி, எல்லை ஒன்றைவிட அதிகமானால் ஒருங்கும் என்று சொல்கின்றன. தவறில்லை. ஆனால் ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் படிக்கும் பிள்ளை, குறைவா அதிகமா என்பதை நினைவில் வைக்கவே முழு மூச்சையும் செலவழிக்கிறது. ‘எல்லை’ என்ற சொல் அந்த இரைச்சலில் அடிபட்டுப் போகிறது. போதாக்குறைக்கு, விகிதச் சோதனைக்குக் கீழே வரும் பயிற்சிக் கணக்குகள் எல்லாம் n! என்றும் 2ⁿ என்றும் xⁿ/n! என்றும்தான் இருக்கும். 2ⁿ/n! என்ற கணக்கில் விகிதம் 2/(n+1). அது சுழியத்தை நோக்கி விழுகிறது. எல்லையை எடுத்தாலும், விகிதம் ஒன்றைவிடக் குறைவு என்று பார்த்துவிட்டு விட்டாலும் ஒரே விடைதான் வரும். அரைகுறை வாசகம் பத்துக் கணக்கில் சரியான விடை தந்துவிட்டால், பதினோராவது கணக்கில் யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த ஒன்றரை உண்மையிலேயே தொலைந்துவிட்டதா? இல்லை, விகிதத்துக்குள்தான் இருக்கிறது. எல்லை எடுக்கும்போது அது அழிந்துபோகிறது. n ஆயிரமாக இருக்கும்போது வெவ்வேறு p-தொடர்களின் விகிதங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். p அரை என்றால் 0.9995. p ஒன்று என்றால் 0.9990. ஒன்றரை என்றால் 0.9985. இரண்டு என்றால் 0.9980. எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்தக் குறைவை ஆயிரத்தால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 0.5, 1, 1.5, 2. p அப்படியே வந்து நிற்கிறது. விகிதம் கிட்டத்தட்ட 1 − p/n என்று நடந்துகொள்கிறது. எல்லை எடுத்ததும் p/n சுழியமாகி, ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. எல்லா p-தொடர்களும் விகிதச் சோதனைக்கு ஒரே முகமாகத் தெரிவது இதனால்தான்.

அழியும் முன்பே அதைப் பிடிக்கும் சோதனையை 1832-இல் ராபே கொடுத்தார். n × (aₙ/aₙ₊₁ − 1) என்பதன் எல்லையைப் பார். அது ஒன்றைவிட அதிகமானால் ஒருங்கும், குறைவானால் விரியும் என்றார். மாணவியின் தொடருக்கு n = 100 என்று போட்டால் 100 × (1.01^(3/2) − 1) = 1.504. n = 1,000 என்றால் 1.5004. எல்லை ஒன்றரை; ஆகவே ஒருங்கும். அரை அடுக்குத் தொடருக்கு n = 100-இல் 0.499, எல்லை அரை, ஆகவே விரியும். அவள் எழுதிய இரண்டாவது வரியிலிருந்தே கிளம்பி இந்த முடிவுக்கு வந்திருக்கலாம். நம் பாடத்திட்டங்களிலும் விகிதச் சோதனைக்கு அடுத்தபடியாக ராபே சோதனை வருவது வழக்கம். ஏன் அடுத்ததாக வருகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஆனால் தேர்வில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த விடை வேறு. பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒப்பிடுவதால்தான் எல்லா வித்தியாசமும் மங்கிப் போகிறது. கொஞ்சம் விலகி நின்று, இரட்டிப்பு இரட்டிப்பாகக் கட்டுக்கட்டிப் பார்க்கலாம். முதல் உறுப்பு தனி. 2, 3 ஒரு கட்டு. 4 முதல் 7 வரை ஒரு கட்டு. 8 முதல் 15 வரை அடுத்தது. ஒவ்வொரு கட்டிலும் பெரியது முதல் உறுப்புதான். ஆகவே இரண்டாம் கட்டின் கூட்டுத்தொகை 2 × 1/2^(3/2)-ஐத் தாண்டாது, அதாவது 0.707. மூன்றாம் கட்டு 4 × 1/8 = 0.5-ஐத் தாண்டாது. நான்காவது 0.354-ஐத் தாண்டாது. 1, 0.707, 0.5, 0.354 … இது 1/√2 என்ற பொது விகிதத்தோடு நடக்கும் அசல் பெருக்குத் தொடர். அதன் கூட்டுத்தொகை 3.414. நம் தொடர் அதற்குக் கீழே அடங்குகிறது. உறுப்புகள் எல்லாம் மிகை என்பதால் ஒருங்கியே தீரும். மாணவி தேடிப்போன பெருக்குத் தொடர் கடைசியில் இங்கேதான் அகப்படுகிறது.

இதில் p எங்கே செலவாகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு கட்டிலும் உறுப்புகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது. உறுப்பின் அளவோ 2^p மடங்கு சிறுக்கிறது. கட்டுக்குக் கட்டு விகிதம் 2/2^p. p ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே இது ஒன்றைவிடக் குறையும். ஒன்றரைக்குப் பதில் அரையைப் போட்டால் விகிதம் √2 ஆகிவிடும், ஒருங்கும் என்ற வாதம் அந்த வரியிலேயே முறிந்து விழும். p சரியாக ஒன்று என்றால், ஒவ்வொரு கட்டும் குறைந்தது அரை என்று கீழிருந்து காட்டலாம்: 1/2 தனியாக அரை, 1/3 + 1/4 அரைக்கு மேல், 1/5 முதல் 1/8 வரை அரைக்கு மேல். அரைகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லை ஏது? இந்தக் கட்டுக்கட்டும் வழியில்தான் பதினான்காம் நூற்றாண்டில் நிக்கோல் ஓரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1 + 1/2 + 1/3 + … என்ற இசைத் தொடர் விரிகிறது என்று காட்டினார். அதைப் பொதுச் சோதனையாக்கியது கோஷியின் அதே 1821 புத்தகம். தொகை நுண்கணிதம் தெரிந்தவர்கள் x^(−3/2)-ஐ ஒன்றிலிருந்து முடிவிலி வரை தொகையிட்டு, 2 என்ற விடையைப் பெற்று, தொடர் 3-ஐத் தாண்டாது என்று இரண்டே வரியில் முடிக்கலாம். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

இசைத் தொடர் மாணவர்களை ஏமாற்றுவதில் கெட்டிக்காரத் தொடர். விகிதம் n/(n+1), எப்போதும் ஒன்றைவிடக் குறைவு. கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தாலும் ஆயிரம் உறுப்புக்கு 7.485, பத்து லட்சம் உறுப்புக்கு 14.393 என்றுதான் வரும். 20-ஐத் தாண்ட 27 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். இதைப் பார்த்து நின்றுவிட்டது என்று நினைக்காதவர் யார்? கூட்டிப் பார்த்து முடிவு சொல்வது இந்தக் கேள்விகளில் விகிதச் சோதனையைவிட ஆபத்தான பழக்கம்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வியில் அவளுக்கு ஒன்று கொடுத்தேன். விகிதத்தைச் சரியாகச் சுருக்கியதற்காக. ‘எல்லை 1, ஆகவே இந்தச் சோதனையால் முடிவு சொல்ல முடியாது’ என்று எழுதி அங்கேயே நிறுத்தியிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். விடை சரியாக வந்ததற்குத் தனியாக எதுவும் கொடுக்கவில்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாத சக ஆசிரியர்கள் உண்டு. பிள்ளை விடையையாவது சரியாகச் சொல்லியிருக்கிறதே, இன்னொன்று போடலாமே என்பார்கள். ஒருங்குமா விரியுமா என்ற கேள்விக்குக் காசைச் சுண்டிப் போட்டாலே பாதி நேரம் விடை சரியாக வரும் என்பது என் கட்சி.

தாளில் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரு நடைமுறை யோசனையும் சேர்த்திருந்தேன். உறுப்பில் n-இன் அடுக்குகளும் மூலங்களும் மட்டுமே இருந்தால், உதாரணமாக (3n² + 1)/(n⁵ + 7) போல, விகிதச் சோதனையின் பக்கமே போக வேண்டாம். எல்லை ஒன்றுதான் வரும் என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். பெரிய n-க்கு இது 3/n³ போல நடக்கிறது. P மூன்றாக உள்ள p-தொடரோடு ஒப்பிட்டால் ஒருங்கும் என்று வேலை முடிந்தது. n! அல்லது 2ⁿ அல்லது nⁿ தலைகாட்டினால் மட்டும் விகிதத்தை எடுக்கலாம்.

மூன்று நாள் கழித்து அவள் இன்னொரு கேள்வியோடு வந்தாள். இசைத் தொடருக்கு ராபே சோதனையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். n × ((n+1)/n − 1) சரியாக ஒன்று. அந்தச் சோதனையும் ஒன்றில் வாய் மூடிக்கொள்கிறது.

“அப்ப இதுக்கும் மேல ஒரு டெஸ்ட் இருக்கா சார்?”

இருக்கிறது, அதற்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. இந்த எல்லைப் பகுதியில் வழுக்கி விழுந்தவர்களில் கணித அறிஞர்களும் உண்டு. உறுப்பை n-ஆல் பெருக்கினால் அது சுழியத்தை நோக்கிப் போகிறது என்றால் தொடர் ஒருங்கும் என்று லூயி ஒலிவியே 1827-இல் கிரெல்லே நடத்திய ஆய்விதழில் எழுதினார். இசைத் தொடரைவிட வேகமாகக் குறைந்தால் போதும் என்று அதற்குப் பொருள். அடுத்த ஆண்டே அதே இதழில் நார்வே இளைஞர் ஆபெல் 1/(n log n) என்ற உறுப்பைக் கொண்டு அதை உடைத்தார். n-ஆல் பெருக்கினால் மிஞ்சுவது 1/log n. சுழியத்தை நோக்கித்தான் போகிறது. ஆனால் தொடர் விரிகிறது. log n-ஐ வர்க்கமாக்கி 1/(n (log n)²) என்று போட்டால் ஒருங்குகிறது. n-ஐ வைத்து ஏதாவது ஒரு கோவையால் உறுப்பைப் பெருக்கி, பெருக்கல் பலன் சுழியத்தை நோக்கிப் போனால் ஒருங்கும், போகாவிட்டால் விரியும் என்று எல்லாத் தொடருக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லும் கோவை இருக்கவே முடியாது என்பதையும் ஆபெல் அந்தக் கட்டுரையிலேயே நிறுவினார். அவளை 1/(n log n)-ஐக் கட்டுக்கட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும்போது log n ஒவ்வொரு கட்டிலும் ஒரே அளவுதான் கூடும். அதனால் கட்டுகளின் கூட்டுத்தொகைகள் 1, 1/2, 1/3, 1/4 என்ற விகிதத்தில் வந்து நிற்கும்.